பச்சைக்கோடு அறுந்த இடம்

காரைக்குடி செக்காலை ரோட்டில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ஆரோக்கிய ஷீலாவின் வீடியோ கடை இருந்தது. முன்னறையில் அவள் புருஷன் அந்தோணி பிரபு டி.வி. பழுது பார்ப்பான். பின்னறையில் அவள் கல்யாண கேசட்டுகளை எடிட் செய்வாள். ஊரில் வீடியோ எடுக்கும் ஆண்கள் பலர் இருந்தார்கள். ஆனால் பெண்ணுக்குப் புடவை உடுத்தும் அறைக்குள்ளும், ஆச்சிமார் உட்கார்ந்து சீர்ச் சாமான் பரப்பும் இடத்துக்கும் கேமராவோடு போகக்கூடியவள் ஷீலா ஒருத்திதான். அதனாலேயே செட்டிமார் வீட்டுக் கல்யாணங்கள் வரிசையாக அவளைத் தேடி வந்தன. வாத்தியார் மகள், யாரிடமும் குழைந்து பேசமாட்டாள், வேலையில் சுத்தம். அவளைப் பற்றி ஊரில் இருந்த அபிப்பிராயம் இவ்வளவுதான்.

அந்தக் கல்யாணங்களில் பாதியாவது நாச்சியப்பன் செட்டியார் சொல்லி வந்தவை. கடை இருந்த இடத்தைப் பேசி முடித்துக் கொடுத்தவரும் அவர்தான். கானாடுகாத்தானில் அவர் குடும்பத்தின் பெரிய வீடு ஒன்று இருந்தது. தெருவின் இந்த முனையில் வாசல், அடுத்த தெருவில் பின்கட்டு. அதற்குப் பங்காளிகள் பல பேர்; சென்னையில் சிலர், பினாங்கில் சிலர், சிங்கப்பூரில் சிலர். எல்லாரும் அவரவர் பங்குக்கு வந்த கட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட, உள்ளே குடியிருந்தது விசாலம் ஆச்சி மட்டும். புருஷனை இழந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், கணீரென்ற குரல். நாச்சியப்பனுக்கு அவர் பெரியப்பா மகனின் மனைவி. வீட்டை வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் ஹோட்டலாக்க வேண்டும் என்று நாச்சியப்பன் ஒற்றைக் காலில் நின்றார். விசாலம் கையெழுத்துப் போடவில்லை. மற்ற பங்காளிகளோ, ஆச்சி போட்டால் நாங்களும் போடுகிறோம் என்று நழுவிக்கொண்டே இருந்தார்கள்.

1998-ஆம் வருடம், மழைக்காலம் முடியும் நேரத்தில் நாச்சியப்பன் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து ஷீலாவின் மேசையில் வைத்தார். விசாலத்தோடு டெலிபோனில் பேசியதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்தார். ரிசீவரின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன மைக்கை சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாங்கிவந்திருந்தாராம். இதை வீடியோவாக்கி, பங்காளி வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு கேசட் அனுப்ப வேண்டும் என்றார்.

வெறும் பேச்சுதானே, ஆடியோ கேசட்டாகவே அனுப்பலாமே என்று ஷீலா கேட்டாள். ஆடியோ கேசட்டை யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள் என்றார் அவர். வீடியோ என்றால் குடும்பமே கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும். இடிந்து கிடக்கும் கட்டுகளின் போட்டோக்களைக் கத்தை கத்தையாக எடுத்து வந்திருந்தார். பேச்சு ஓடும்போது அந்தப் படங்கள் மாறி மாறி வரவேண்டும். அடியில் ஒரு கோடு, பேச்சுக்குத் தக்கபடி ஆடவேண்டும். சிங்கப்பூர் டி.வி.யில் டெலிபோன் பேச்சைப் போடும்போது அப்படிக் கோடு ஆடுவதை அவர் பார்த்திருக்கிறார்.

"கோடு ஆடுனாத்தாம்மா நம்புவாக. இல்லேன்னா எவளையோ கூப்பிட்டு வச்சுப் பேச விட்டுட்டேன்னு சொல்லிருவாக" என்றார்.

ஷீலா ஒப்புக்கொண்டாள். அவர் சொன்ன வேலையைத் தட்ட முடியாது என்பது ஒரு காரணம். ஊரில் இதுவரை யாரும் செய்யாத வேலை என்ற ஆசை இன்னொன்று. மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. அதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே விசாலம் ஆச்சி வீட்டுக் கல்யாணத்தில், விடியற்காலையிலிருந்து நின்றபடியே படம் எடுத்துவிட்டுப் பசியோடு பந்தியில் போய் உட்கார்ந்தவளை, இலைக்கு முன்னாலிருந்து எழுப்பினார்கள். வீடியோக்காரவுகளுக்கு அங்குட்டு இலை போடுங்க என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னது அந்தக் கணீர்க் குரல்தான். அங்குட்டு என்பது சமையல்காரர்கள் பாத்திரம் போட்டிருந்த பின்கட்டு. ஷீலா அன்று சாப்பிடாமலே வேலையை முடித்துவிட்டு வந்தாள்.

கோட்டை எப்படி ஆட வைப்பது என்பது முதலில் பிடிபடவில்லை. டைட்டில் எழுத வாங்கிய கம்ப்யூட்டரில், பாட்டுப் போட்டால் திரையில் கோடு குதிக்கும் ஒரு சங்கதி இருந்தது. பேச்சை அதில் ஓடவிட்டுத் திரையைக் கேமராவில் எடுத்துப் பார்த்தாள். படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே உருண்டன. கல்யாண வீட்டில் டி.வி. ஓடும்போது எடுத்தாலும் இதே தொல்லைதான். அந்தோணி பிரபு முன்னறையிலிருந்து தன் ஆசிலோஸ்கோப்பைத் தூக்கி வந்தான். டி.வி. சர்க்யூட்டில் ஓடும் மின்சாரத்தைக் கோடாகக் காட்டும் பெட்டி அது. உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை, அதில் ஒரு பச்சைக்கோடு. மதுரையில் பழைய சாமானாக வாங்கியது. டேப்ரிக்கார்டரிலிருந்து வரும் சத்தத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு வயரை ஆசிலோஸ்கோப்புக்கும் இன்னொன்றைக் கேமராவுக்கும் கொடுத்தான். கேமரா ஒரு படம் பிடிக்கும் நேரத்துக்குள் கோடு சரியாக ஒரு தடவை திரையைக் கடக்கும்படி குமிழைத் திருகி வைத்தான். அறையை இருட்டாக்கி ஓடவிட்டபோது பட்டையும் இல்லை, மினுக்கலும் இல்லை. விசாலம் பேசினால் கோடு சிலிர்த்து எழுந்தது. அவர் மூச்சு வாங்கினால் படிந்து, லேசாக நடுங்கியது. டெலிபோனின் இரைச்சல்தான் அந்த நடுக்கம்.

பேச்சு முழுவதையும் அப்படியே ஒரே மூச்சில் கேமராவில் பதிந்தாள். குரலும் கோடும் ஒரே டேப்பில் ஏறிவிட்டதால் ஒன்றை விட்டு ஒன்று விலக வழியில்லை. பிறகு போட்டோக்களைக் கறுப்புத் துணிப் பலகையில் ஒவ்வொன்றாகக் குத்தி, விளக்குப் போட்டு, மெல்ல நெருங்கிப் போவது போல எடுத்தாள். இரண்டு வீடியோ டெக்கில் இரண்டு டேப்பையும் ஓடவிட்டு மிக்ஸரில் சேர்த்தபோது, ஆசிலோஸ்கோப் திரையின் கறுப்பு மறைந்து பச்சைக்கோடு மட்டும் படத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. இடிந்த தூணுக்குக் குறுக்கே ஒரு மனுஷியின் குரல் ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அந்தோணி பிரபு அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

நாச்சியப்பன் வந்து பார்த்தார். கோடு அவருக்குப் பிடித்திருந்தது, பேச்சுதான் பிடிக்கவில்லை. அவர் நினைத்ததை விட விசாலம் நியாயமாகப் பேசியிருந்தார். நடுவில் அவர் சொன்னது இது:

"எல்லாப் பங்காளியும் நேர்ல வந்து உக்காந்து பேசாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். வீடு இடிஞ்சா இடிஞ்சு விழட்டும்னு பூட்டிட்டுப் போனது யாரு? நீங்கள்லாந்தானே போனீக. நான் ஒருத்தி கெடந்து கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருக்கேன்."

நாச்சியப்பன் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு நிதானமாக, கையெழுத்துப் போட மாட்டேன், வீடு இடிஞ்சா இடிஞ்சு விழட்டும், அது மட்டும் இருந்தால் போதும் என்றார். முன்னாடி உள்ளதும் வேண்டாம், பின்னாடி உள்ளதும் வேண்டாம். அதெல்லாம் ஆச்சி பேசாத பேச்சா என்ன, அவர் வாயில் வந்ததுதானே என்று சிரித்தார். அது எப்படிப்பட்ட வேலை என்று ஷீலாவுக்குத் தெரியாமல் இல்லை. பின்கட்டில் போட்ட இலை கண்ணுக்கு முன்னால் வந்தது. சரி என்றாள்.

கேசட்டிலிருந்த பேச்சைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டாததை நறுக்கினாள். 'விழட்டும்னு' என்ற சொல்லில் கடைசி எழுத்தைப் பிரித்து எடுப்பதுதான் சிரமமாக இருந்தது. வெட்டிய இடத்தில் டெலிபோன் இரைச்சல் சட்டென்று நின்றுபோனது. யாரும் பேசாத இடத்திலிருந்து கொஞ்சம் இரைச்சலை எடுத்து அடியில் பரப்பினாள். இப்போது காதுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஆசிலோஸ்கோப்பில் ஓடவிட்டுப் பார்த்தால், 'விழட்டும்' என்று உயரே எழுந்த கோடு, கத்தியால் சீவியது போல மட்டமாக விழுந்தது. மற்ற எந்த வார்த்தையும் அப்படி முடியவில்லை. ஒவ்வொன்றும் ஆடி அடங்கித்தான் படிந்தது. காதை ஏமாற்றிவிட்டாள், கண்ணை ஏமாற்ற முடியவில்லை.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த இரண்டு வாக்கியம் வரும்போது மட்டும் கோட்டை மெல்ல மங்கச் செய்து, நடுவே பிளந்த சுவர் ஒன்றின் படத்தைத் திரை முழுக்கக் கொண்டுவந்தாள். படம் முடிந்ததும் கோடு மறுபடி வந்துவிடும். நாச்சியப்பன் அதைப் பார்த்துவிட்டு அவள் கெட்டிக்காரத்தனத்தை வெகுவாகப் புகழ்ந்தார். குரலும் பிளந்த சுவரும் சேர்ந்து வரும்போது ரோமம் சிலிர்க்கிறதாம். ஆடியோ கேசட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரில் இடம் இல்லாததால் ஷீலா அதிலிருந்ததை அழித்துவிட்டாள். முதலில் எடுத்த முழு டேப் மட்டும் அலமாரியில் கிடந்தது.

கேசட்டுகள் போய்ச் சேர்ந்தன. தை மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு விசாலத்துக்கு அழைப்பு வரவில்லை. பினாங்கிலிருந்த கொழுந்தன் பெத்தாச்சி டெலிபோனில் கூப்பிட்டு, முன்னோர் கட்டிய வீட்டை இடிந்து விழட்டும் என்று சபித்தவள் வாயில் சர்க்கரை போடவா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம். எதற்கு இந்தக் கோபம் என்று ஆச்சிக்குப் புரியவே இல்லை. கடைசியில் காரைக்குடியிலிருந்த பங்காளி மனைவி நாச்சியம்மைதான் மனசு கேட்காமல், புருஷன் கடைக்குப் போன நேரத்தில் ஆச்சியை வரவழைத்து டெக்கில் அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

விசாலம் அங்கிருந்து நேரே ஒரு ஆட்டோவைப் பிடித்து ஷீலாவின் கடைக்கு வந்துவிட்டார். கையில் கேசட். வாங்க என்று யாரும் சொல்லவில்லை. உட்காரச் சொல்வார்கள் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. பின்னறைக்கு வந்து கேசட்டை நீட்டி, போடு என்றார். ஷீலா போட்டாள். சுவர்ப்படம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"நான் பேசுற நேரமெல்லாம் கோடு ஆடுதுல்ல. இந்த ரெண்டு வார்த்தைக்கு மட்டும் எங்க போச்சு?"

படம் பெரிதாகத் தெரியவேண்டும் என்று எடுத்தேன் என்று ஷீலா சொன்னாள். சொல்லும்போதே அது எடுபடாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான் பேசுனதை நான் மறந்துருப்பேன்னு நெனச்சியா? விழட்டும்னு பூட்டிட்டுப் போனது யாருன்னு கேட்டேன். அந்த 'னு' எங்கடி?"

டி போட்டதும் ஷீலாவுக்குச் சுருக்கென்றது. செட்டியார் சொன்னதைச் செய்தேன், கேட்க வேண்டியதை அவரிடம் போய்க் கேளுங்கள் என்றாள். அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. பந்தியிலிருந்து எழுப்பிப் பின்கட்டுக்கு அனுப்பியதைச் சொன்னாள். எந்தக் கல்யாணம், என்ன புடவை கட்டியிருந்தீர்கள் என்பது வரை சொன்னாள்.

விசாலம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சொல்லியிருப்பேன். வேலைக்கு வந்தவுகளுக்குத் தனிப் பந்திதான் எங்க வீட்டுல. அது தப்புன்னா அன்னைக்கே என் மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கணும். அதுக்காக என் நாக்கை அறுத்து ஊரூருக்கு அனுப்புவியா?"

கேசட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று புருஷனும் பெண்சாதியும் நன்றாகச் சண்டை போட்டார்கள். வெட்டு வேலை செய்ததே அந்தோணி பிரபுவுக்குத் தெரியாது. என் பெட்டியை வைத்துத்தான் இந்தக் காரியம் செய்தாயா என்று கேட்டான். முழு டேப் அலமாரியில் இருக்கிறதே, அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றான். கொடுத்தால் நாளைக்குக் கடை இருக்காது என்றாள் அவள். இருக்கிற கடையில் உட்கார்ந்திருக்க உனக்கு நன்றாக இருக்கிறதா என்று அவன் கேட்டான். அவள் டேப்பை எடுக்கவில்லை. அந்தக் கிழவியிடம் போய் நிற்பதா என்ற வீம்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனபோது பூசை முழுவதும் அவள் மனசு அங்கே இல்லை.

விசாலம் கடைக்கு வந்துபோன செய்தி நாச்சியப்பனுக்கு எட்டியது. அவரே படியேறி வந்தார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. முழுப் பேச்சும் வேறு எதிலாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் போயிருப்பார். ஷீலா பொய் சொல்லத் தயங்கிய அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. அதன் மேல் ஏதாவது கல்யாணத்தை எடுத்து அழித்துவிடு என்றார். கெஞ்சவில்லை, வேலைக்காரியிடம் வாசலைக் கூட்டு என்று சொல்வது போலச் சொன்னார்.

"இதுல எம் பேரு எங்கயும் இல்ல, பாத்துக்க. கேசட்டைக் குடுத்தேன், வீடியோவா போடச் சொன்னேன். வெட்டுனது யாருன்னு கேட்டா, படிக்கட்டுக்கு மேல இருக்கிற ஷீலாவைக் கேளுங்கன்னுதான் சொல்லுவேன்."

ஷீலா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். ஆச்சி வந்து திட்டியபோது வராத கோபம் அப்போது வந்தது. டேப்பை அழிக்க மாட்டேன் என்றாள். இந்தக் கடை யாரால் வந்தது தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும், அதற்குத்தான் இந்தப் பாவத்தைச் செய்து கொடுத்தேன், இதோடு தீர்ந்தது என்றாள். நாச்சியப்பன் கையை ஓங்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. அடுத்த முகூர்த்தத்திலிருந்து உன்னை எந்த வீட்டு வாசலிலும் பார்க்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, முன்னறையில் உட்கார்ந்திருந்த அந்தோணி பிரபுவைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்.

மறுநாள் ஷீலா டேப்போடும் ஒரு கையடக்கக் கேமராவோடும் பஸ் ஏறிக் கானாடுகாத்தான் போனாள். பூட்டிய கதவுகள் வரிசையாக இருந்த அந்தப் பெரிய வீட்டில் ஒரு கட்டு மட்டும் கூட்டி மெழுகிச் சுத்தமாக இருந்தது. ஆச்சியின் டி.வி.யில் கேமராவை இணைத்து முழுப் பேச்சையும் ஓடவிட்டாள். படம் ஒன்றும் இல்லை. கறுப்புத் திரையில் பச்சைக்கோடு மட்டும். விசாலம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தன் நியாயமெல்லாம் அப்படியே இருப்பதைக் கண்டதும் முகம் தெளிந்தது. கொஞ்ச நேரம்தான். பேச்சின் கடைசியில், கோபத்தின் உச்சியில் அவர் சொன்ன இன்னொன்றும் அதில் இருந்தது. பினாங்கு பெத்தாச்சியைப் பற்றி; அவர் கையெழுத்துக் கிடைக்காமல் போய்விடும் என்று நாச்சியப்பன் அதைத் தன் கேசட்டில் சேர்க்கச் சொல்லவில்லை.

"ஆத்தா செத்ததுக்கு, பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக்கிட்டு வராம இருந்தவன் அவன். அவனுக்கு வீட்டுல பங்கு ஒரு கேடா?"

கோடு அந்த இடத்தில்தான் எல்லாவற்றையும் விட உயரமாக எழுந்தது.

விசாலம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பங்காளிகள் எல்லாரும் மாசிப் படைப்புக்கு வருகிறார்கள், முன்னோருக்குப் படையல் வைக்க அந்த ஒரு நாள்தான் எல்லாரும் கூடுகிறது, பெத்தாச்சியும் வருகிறான், அன்றைக்கு இதைப் போடலாம் என்றார். அப்புறம், கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

முடியும். ஷீலாவுக்கு அது அரை நாள் வேலை. இன்னொரு சுவர்ப்படம் போதும்.

"முடியாது, ஆச்சி" என்றாள்.

"முடியாதா, மாட்டியா?"

"மாட்டேன். ஒரு எடத்துல கையை வச்சாலும், இதையும் அவ வெட்டித்தான் போட்டாங்கிற பேச்சு வரும். போட்டா முழுசாப் போடுங்க. இல்லேன்னா டேப்பை எடுத்துக்கிட்டுப் போறேன்."

நாச்சியப்பனுக்காக வெட்டினாய், எனக்காக வெட்டமாட்டாயா என்று விசாலம் கேட்டார். ஆமாம் என்றாள் ஷீலா. அந்த அறையில் இருவருக்கும் ஒருவரை ஒருவர் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆச்சி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஷீலாவுக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. பிறகு, முழுசாகவே போடு என்றார்.

படைப்பன்று ஷீலாவும் அந்தோணி பிரபுவும் டி.வி.யையும் டெக்கையும் ஒரு வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். படையல் முடிந்து, சாப்பாட்டுக்குப் பின், ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லா முகத்திலும் விசாலத்தின் மேலிருந்த வெறுப்பு தெரிந்தது. அவர் பரிமாறியதை வாங்கிக்கொள்ளாமல் இலையை மடித்தவர்களும் உண்டு. ஷீலாவைக் கண்டதும் நாச்சியப்பன் எழுந்து, இது எதற்கு இங்கே வந்தது என்றார். விசாலம் எல்லாருக்கும் கேட்கும்படி, நான்தான் வரச் சொன்னேன், நீங்கள் அனுப்பியதை எல்லாரும் பார்த்தீர்கள், நான் பேசியதையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

ஷீலா இந்தத் தடவை படங்களை வேறு விதமாக வைத்திருந்தாள். நாச்சியப்பன் கொடுத்த அதே போட்டோக்கள்தான். ஆனால் எந்தப் படத்தையும் கோட்டின் மேல் ஏறவிடவில்லை. படம் மேலே, கோடு கீழே தனிப் பட்டையில், தொடக்கத்திலிருந்து கடைசி வரை. பேச்சு ஓடியது. எல்லாப் பங்காளியும் நேரில் வந்து பேசாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றபோது கூடத்தில் சலசலப்பு. 'விழட்டும்னு' என்ற சொல்லில் கோடு எழுந்து, ஆடி, அடுத்த சொல்லுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. பூட்டிவிட்டுப் போனது யார் என்ற கேள்வி வந்ததும் சலசலப்பு அடங்கிவிட்டது. பலர் பூட்டிய கதவுகளின் பக்கம் பார்த்தார்கள். தங்கள் கதவை அல்ல, அடுத்தவர் கதவை.

நாச்சியப்பன், இதுதான் ஜோடித்தது, வீடியோக்காரி காசுக்கு எது சொன்னாலும் செய்வாள் என்றார். அணைக்கச் சொல்லி டி.வி. பக்கம் வந்தார். அந்தோணி பிரபு நடுவே போய் நின்றான். ஷீலா எழுந்து, உங்களிடமிருக்கிற கேசட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுகிறேன், கோடு எதில் ஒளிந்துகொள்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்தச் சுவர்ப்படத்தை வைத்தது நான்தான், நானே வெட்டினேன், இவர் சொல்லி வெட்டினேன் என்றும் சொன்னாள். யாரும் அவளுக்குப் பரிந்து பேசவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து, கொழுப்பைப் பாரு, செய்ததையும் சொல்லிக்கொண்டு நிற்கிறாள் என்று ஒரு குரல் வந்தது.

ஓடட்டும், அணைக்க வேண்டாம் என்றவர் பெத்தாச்சி. விசாலத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், மன்னிப்பாகக்கூட இருந்திருக்கலாம். அதற்குள் பேச்சு கடைசிக்கு வந்துவிட்டது. தன் பெயரைக் கேட்டதும் திரையின் பக்கம் திரும்பினார். ஆத்தா செத்ததுக்கு வராதவன் என்று குரல் சொல்ல, கோடு தன் பட்டையின் விளிம்பை முட்டிக்கொண்டு எழுந்தது. பெத்தாச்சியின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

பெத்தாச்சி எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விசாலத்தின் முன்னால் வந்து நின்றார்.

"அன்னைக்கு எனக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியில கெடந்தேன். அது ஒங்களுக்குத் தெரியும்."

தெரியும் என்றோ தெரியாது என்றோ விசாலம் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். பெத்தாச்சி மனைவியை அழைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். போகிற வழியில் நாச்சியப்பனிடம், என் கையெழுத்தை நீ இனிமேல் எதிர்பார்க்காதே என்றார். அவர் போனதும் ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடினார்கள். மத்தியானம் காயப்போட்ட வடகம் முற்றத்தில் அப்படியே கிடந்தது.

அதோடு ஹோட்டல் பேச்சு அடங்கியது. விசாலத்தின் மேல் போட்ட பழி நீங்கிற்று. ஆனால் பெத்தாச்சி அவரோடு அதற்குப் பிறகு பேசவில்லை. அடுத்த படைப்புக்கு வந்து தன் காணிக்கையை வைத்துவிட்டு, அவர் கையால் தண்ணீர்கூட வாங்காமல் போனார். நாச்சியப்பன் கானாடுகாத்தான் பக்கமே வருவதில்லை. விசாலம் தன் கட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு தனியாகத்தான் இருந்தார்.

ஷீலாவுக்கு வைகாசியில் ஒரு முகூர்த்தம்கூட வரவில்லை. பேசி வைத்திருந்த கல்யாணங்களும் மதுரையிலிருந்து வந்த வேறு ஆளுக்குப் போயின. இடத்துக்காரர் காலி செய்யச் சொன்னார். செக்காலையை விட்டு, ரயில் நிலையம் போகிற வழியில் ஒரு சின்ன அறைக்கு மாறினார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழா, ஞானஸ்நானம், சர்ச்சுத் திருவிழாத் தேர் என்று கிடைத்ததை எடுத்தாள். வெட்டித் தருகிறவள் என்ற பெயர் கொஞ்ச காலம் கூடவே வந்தது. ஒரு வக்கீல் குமாஸ்தா அதைக் கேள்விப்பட்டே ஒரு கேசட்டோடு வந்து நின்றார். அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அதற்கும் ஊரில், இப்போது மட்டும் யோக்கியம் வந்துவிட்டதாக்கும் என்று பேசினார்கள்.

ஒருமுறை அரியக்குடியில் ஒரு பள்ளி விழாவை எடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றபோது, பெருமாள் கோயிலுக்கு வந்திருந்த விசாலம் ஆச்சி எதிரே வந்தார். ஷீலாவுக்கு ஒதுங்கத் தோன்றியது, ஒதுங்கவில்லை. ஆச்சி அவள் கையிலிருந்த கேமராப் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கெடுத்தவளே சரிபண்ணுனே. அதுக்கு நான் ஒனக்கு நன்றி சொல்லணும்னு நிக்கிறியா?"

"இல்லை ஆச்சி. பஸ்ஸுக்கு நிக்கிறேன்" என்றாள் ஷீலா.

விசாலம் தலையை ஒரு தடவை அசைத்தார். ஒப்புக்கொண்டாரா, வெறுத்தாரா என்று சொல்ல முடியாத அசைவு. காத்திருந்த ஆட்டோவில் ஏறிக் கானாடுகாத்தானுக்கு விடச் சொன்னார். ஷீலா பையைத் தோள் மாற்றிக்கொண்டு, காரைக்குடி பஸ் வரும் பக்கம் திரும்பி நின்றாள்.